ஜிப் போட்டும் சுருங்காத ஃபைல்கள்: வாசகர் கேள்விகள்

கல்யாண ஆல்பத்துக்கு 210 போட்டோ, மொத்தம் 1.5 ஜி.பி. ஜிப் செய்தால் 1.48 ஜி.பி. தான் வருகிறது. இதைவிட நல்ல ஜிப் சாஃப்ட்வேர் எது? (ஸ்டூடியோ உரிமையாளர், குடியாத்தம்)

சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை. 2.4 கோடி புள்ளி எடுக்கும் கேமராவில் ஒரு படத்தை அப்படியே வைத்தால் 72 எம்.பி. ஆகும். உங்கள் கையில் இருப்பது ஏழு எம்.பி. மீதி 65 எங்கே போனது? கேமராவே சுருக்கிவிட்டது. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களை உதறிவிட்டு, மிச்சத்தைச் சிறு குறியீடுகளாக எழுதுவதுதான் ஜேபெக். திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதெல்லாம் அங்கேயே வழித்தெடுக்கப்பட்டுவிட்டது. பிண்ணாக்கை மறுபடி செக்கில் போட்டு எண்ணெய் வரவில்லை என்கிறீர்கள்.

210 படத்தையும் ஒரே கட்டாக அனுப்ப ஜிப் நல்லதுதான்; 7-Zip-ல் சுருக்காமல் கட்ட மட்டும் செய்யும் Store என்று வைத்தால் நேரமாவது மிச்சம். சைஸ் குறைய வேண்டுமென்றால், நீளப் பக்கம் 2000 புள்ளி, குவாலிட்டி 80 என்று தனி நகல் எடுங்கள். படம் ஒன்றுக்கு ஏறக்குறைய முக்கால் எம்.பி. வரும். ஒரிஜினலை மட்டும் அழிக்காதீர்கள்.

சர்வர் லாக் ஃபைல் 40 எம்.பி. இருந்தது, ஜிப்பில் மூன்றே எம்.பி. ஆகிவிட்டது. ஏதாவது தகவல் தொலைந்திருக்குமா? (கல்லூரி மாணவர், காட்பாடி)

ஒரு எழுத்துகூடத் தொலையாது. ஜிப்பில் வழக்கமாக ஓடும் முறைக்கு டிஃப்ளேட் என்று பெயர். அது இரண்டு வேலை செய்கிறது. முதலில், கடைசியாகக் கடந்துவந்த 32 கே.பி.யைத் திரும்பிப் பார்க்கும். அதே சரம் அங்கே இருந்தால் மறுபடி எழுதாமல் "இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட் எடுத்துக்கொள்" என்று குறித்துவிடும். உங்கள் லாகில் ஒவ்வொரு வரியும் அதே தேதியில்தான் தொடங்கும், அதே ஐ.பி. முகவரிதான் வரும். வரிக்குப் புதிதாக இருப்பது நான்கைந்து எழுத்து.

அப்புறம் இரண்டாவது வேலை: அடிக்கடி வரும் பைட்டுக்குக் குட்டிக் குறியீடு, அரிதாக வருவதற்கு நீளக் குறியீடு. இதில் தமிழுக்கு ஒரு வேடிக்கை உண்டு. யூனிகோட் ஃபைலில் "வேலூர்" என்ற சொல் 18 பைட். வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறி, ஒன்றுக்கு மூன்று பைட். இந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் E0, இரண்டாவது AE அல்லது AF. மூன்றாவதுதான் உண்மையில் எழுத்தைச் சொல்கிறது. அதனால்தான் சாதாரணத் தமிழ்க் கட்டுரைகூட நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதே பக்கத்தில் "வேலூர்" இரண்டாம் முறை வந்தால் 18 பைட்டுக்குப் பதில் இரண்டு மூன்று பைட்டில் வேலை முடிந்துவிடும்.

போட்டோவில் இது நடக்காது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுபோல இருக்கலாம், ஒன்றாகவே இருப்பது குறைவு. ஜேபெக் ஆன பிறகு அந்தச் சாயலும் போய், பகடை உருட்டியதுபோன்ற பைட்டுகள்தான் மிஞ்சும்.

ஜிப்பை மறுபடி ஜிப் செய்தால்? (வாணியம்பாடி)

சில நூறு பைட் கூடும்.

சைஸ் குறையல சார். அவசரம். (ஊர் பெயரும் இல்லை)

என்ன ஃபைல்? போட்டோவா, பிடிஎஃப்பா, எக்செல்லா? அதை எழுதாமல் அவசரம் என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? டெர்மினல் இருந்தால் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
unzip -v en_file.zip
```

உள்ளே உள்ள ஒவ்வொரு ஃபைலும் எத்தனை சதவீதம் குறைந்தது என்று Cmpr பத்தியில் தெரியும். 0, 1, 2 என்று இருப்பவை ஏற்கெனவே சுருங்கியவை. 70, 80 என்று இருப்பவை எழுத்தோ எண்ணோ. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒரே போட்டோ இரண்டு ஃபோல்டரில் இருக்கிறது. ஜிப் அதையாவது கண்டுபிடிக்க வேண்டாமா? (ராணிப்பேட்டை)

நல்ல கேள்வி. கண்டுபிடிக்காது. ஜிப் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. ஒன்றை முடித்ததும் மறந்துவிடும். மறக்காமல் இருந்தாலும் 32 கே.பி. பார்வைக்கு ஏழு எம்.பி. படம் எட்டாது. 7z வடிவத்தில், ஃபைல்களை ஒரே தொடராகச் சுருக்கும் Solid என்று வைத்து, திரும்பிப் பார்க்கும் தூரமான டிக்ஷனரியைப் படத்தைவிடப் பெரிதாக, 64 எம்.பி. என்று கொடுத்தால், இரண்டு நகலும் அடுத்தடுத்து வரும்போது இரண்டாவது கிட்டத்தட்ட இலவசம்.

இரண்டு ஜி.பி. வீடியோவை Ultra-வில் போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். 20 எம்.பி. தான் குறைந்தது. (ஆம்பூர்)

வீடியோவைச் சுருக்கும் கோடெக் பெரும்பாலான ஃப்ரேம்களில் முந்தையதிலிருந்து மாறியதை மட்டுமே எழுதுகிறது. ஜிப் தேடும் "திரும்ப வருவது" அங்கே மிச்சமே இல்லை. HandBrake என்ற சாஃப்ட்வேரில் குறைந்த தரத்தில் மறுபடி என்கோட் செய்யலாம். சைஸும் குறையும், தரமும் குறையும். ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

14 பக்கப் பத்திரத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் 62 எம்.பி. ஜிப் செய்தால் 60. மெயிலில் போகவில்லை. (பத்திர எழுத்தர், ஆற்காடு)

எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றும் விஷயம் இது. கறுப்பு மையில் அடித்த பத்திரத்தை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்யச் சொன்னது யார்? எங்கள் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் மெஷின் வாங்கிய நாளிலிருந்து அந்த அமைப்பை யாரும் தொட்டதே இல்லை.

பிடிஎஃப் ஒரு உறைதான். வேர்டிலிருந்து எடுத்த பிடிஎஃப் என்றால் உள்ளே உள்ள எழுத்து அதே டிஃப்ளேட் முறையில் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். ஸ்கேன் என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஜேபெக் படம். இரண்டிலும் ஜிப்புக்கு வேலை இல்லை. சந்தேகம் என்றால்:

```
pdfimages -list pathiram.pdf
```

enc பத்தியில் jpeg, x-ppi பத்தியில் 600 என்று வந்தால் வியாதி பிடிபட்டது.

இப்போது கணக்கு. ஏ4 பக்கம் 600 டிபிஐயில் மூன்றரைக் கோடி புள்ளி. 300 டிபிஐயில் 87 லட்சம். கலர் வேண்டாம் என்றால் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதும்: பக்கம் ஒரு எம்.பி. சொச்சம். அதற்கு மேல் கறுப்பு-வெள்ளைக்கென்றே உள்ள ஃபேக்ஸ் காலத்து ஜி4 முறையில் சுருக்கினால் 50, 60 கே.பி. முத்திரைத்தாள் பக்கத்தை மட்டும் 300 டிபிஐ கலரில் எடுங்கள், மற்ற 13 பக்கமும் கறுப்பு-வெள்ளை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு எம்.பி. தான் வரும். அதே பக்கத்தை நீங்கள் டைப் செய்த டெக்ஸ்ட்டாக அனுப்பினால் ஆறு கே.பி., ஜிப் செய்தால் ஒன்றரை! கையெழுத்தும் சீலும் தேவைப்படாத வரைவுக்குக்கூடப் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து அனுப்புகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு-வெள்ளையில் ஜேபிக்2 என்று இன்னொரு முறை உண்டு. அதில் ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் போட்டுவிடும் வகை ஆபத்தானது. 2013-ல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியர், நகல் மெஷின் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் எண்களே மாறியிருப்பதைக் காட்டினார். வேறொரு பட்டியலில் 6 இருந்த இடத்தில் 8. மங்கலாக இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும், இது தெளிவான தவறான எண். சர்வே நம்பரில் இப்படி ஆனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஸ்கேன் ஆனதும் எண்களை ஒருமுறை மூலத்தோடு ஒத்துப்பாருங்கள். மூலத்தை, மறுபடி சொல்கிறேன், அழிக்காதீர்கள், தொலைக்காதீர்கள்.

வேர்ட் ஃபைலில் வெறும் எழுத்துதான் இருக்கிறது. அதுவும் ஏன் சுருங்கவில்லை? (ஆரணி)

docx என்பதே ஒரு ஜிப். ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள்; உள்ளே word/document.xml இருக்கும்.