சின்ன கம்பெனியில் சம்பள கிரேடு: வேலைக்குப் புள்ளி போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் கம்பெனியில் 40 பேர். சிஎன்சி ஆபரேட்டர், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ் என்று எல்லோருக்கும் சேரும்போது பேசிய சம்பளம்தான் ஓடுகிறது. இப்போது முதலாளி கிரேடு போடச் சொல்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகளை எப்படி ஒப்பிட்டு நியாயமாகப் பிரிப்பது?

பதில்:

கோவையில் சிறு தொழிற்சாலைகளுக்கு எச்.ஆர். வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். உங்களுடையதைப் போலவே ஒரு கம்பெனிக்கு, பம்புக்கு ஷாஃப்டும் உதிரி பாகங்களும் கடையும் இடம், கிரேடு போட்டுக் கொடுத்தோம். அதையே வைத்துச் சொல்கிறேன். சம்பளத்தை ரவுண்டாக்கியிருக்கிறேன்.

முதலில் ஆளை மறந்துவிட வேண்டும். "முருகனுக்கு எவ்வளவு தகும்" என்று பேச ஆரம்பித்தால் கூட்டம் சண்டையில்தான் முடியும். அந்த நாற்காலியில் நாளைக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்தாலும் செய்தாக வேண்டிய வேலை என்ன என்பதுதான் கேள்வி. அவர் கெட்டிக்காரரா, எத்தனை வருட சர்வீஸ் என்பதெல்லாம் கிரேடுக்குள் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கும் முறைகள் உங்களுக்குத் தேவையில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது நான்கு அம்சங்கள்தான்: திறமை, பொறுப்பு, உழைப்பு, வேலைச் சூழல். நம் நாட்டில் 1976இல் வந்த சம ஊதியச் சட்டமே ஒத்த வேலை எது என்பதை ஏறக்குறைய இவற்றை வைத்துத்தான் சொன்னது. நூற்றுக்குத் திறமை 35, பொறுப்பு 30, உழைப்பு 20, சூழல் 15 என்று பங்கு வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள். அதனால் திறமையில் ஒரு படி ஏறினால் 7 புள்ளி, பொறுப்பில் 6, உழைப்பில் 4, சூழலில் 3. இந்தப் பங்கை மதிப்பெண் போட ஆரம்பிக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மொத்தம் வந்தபிறகு பங்கை மாற்ற இடம் கொடுத்தால், யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதற்கேற்பக் கணக்குப் போடுவதாகிவிடும்.

படிகளை "குறைவு, நடுத்தரம், அதிகம்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. ஷாப் ஃப்ளோரில் நடப்பதை வைத்து எழுத வேண்டும். பொறுப்புக்கு நாங்கள் எழுதியது இது. முதல் படி: தப்பு நடந்தால் அங்கேயே தெரியும், அவரே சரிசெய்துவிடுவார். இரண்டாவது: அடுத்த டேபிளில் மாட்டும், பீஸ் திரும்பி வரும். மூன்றாவது: ஒரு பேட்ச்சே வீணாகும். நான்காவது: கஸ்டமர் வரை போகும், இல்லையென்றால் மெஷினே படுத்துவிடும். ஐந்தாவது: மற்றவர்களின் வேலை மொத்தமும் நின்றுபோகும்.

இப்படி எழுதியவுடனேயே ஸ்டோர் கீப்பர் வேலை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அதுவரை அவர் "சாமான் எடுத்துக் கொடுப்பவர்". ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 410 ரகக் கம்பி போக வேண்டிய இடத்தில் 304 ரகம் போனால், கண்ணால் பார்த்து ஆபரேட்டருக்குத் தெரியாது. காந்தம் வைத்துப் பார்த்தால் 410 நன்றாக ஒட்டும், 304 பெரும்பாலும் ஒட்டாது. அதை யாரும் பார்க்காமல் கடைந்து முடித்துவிட்டால் பேட்ச் மொத்தமும் ஸ்கிராப். ஆகவே அவருக்கு மூன்றாம் படி, ஆபரேட்டருக்குக் கொடுத்த அதே படி.

மதிப்பெண் போட ஐந்து பேர் உட்கார்ந்தோம். புரொடக்ஷன், அக்கவுண்ட்ஸ், ஒரு ஆபரேட்டர், பிசிர் எடுக்கும் பகுதியிலிருந்து ஒரு அக்கா, அப்புறம் நான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கக் குறிப்பு. அதில் ஆள் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. தனித்தனியாகப் போட்டுவிட்டு, வித்தியாசம் வந்த இடத்தை மட்டும் பேசினோம். ஒரு வேலையை எடுத்து நான்கு அம்சங்களையும் ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது. முதலில் எல்லா வேலைக்கும் திறமை, பிறகு எல்லா வேலைக்கும் பொறுப்பு என்று போக வேண்டும். இல்லையென்றால் திறமையில் நாலு வாங்கிய வேலைக்கு மற்ற மூன்றிலும் கை தானாக நாலு போடும்.

அதிக நேரம் பேசியது பிசிர் எடுக்கும் வேலையைப் பற்றித்தான். ஆறு பெண்கள், கடைந்து வரும் பீஸின் ஓரத்துப் பிசிரை எடுத்து, லென்ஸ் விளக்கின் கீழே கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார்கள். பதவிப் பெயர் ஹெல்பர். முதல் சுற்றில் பலர் போட்டது திறமை 2, பொறுப்பு 1, உழைப்பு 2, சூழல் 3. மொத்தம் 37. பாரம் தூக்கும் ஹெல்பருக்கு வந்ததோ 41. "உட்கார்ந்துதானே செய்கிறார்கள்" என்று ஒருவர் காரணம் சொன்னார்.

உழைப்பு என்று எழுதிவிட்டு முதுகை மட்டும் கணக்கில் எடுத்திருந்தோம். எட்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்ப்பதும் விரல் நுனியால் தடவித் தேடுவதும் உழைப்பில்லையா என்று அந்த அக்கா கேட்டார். படி விளக்கத்தில் "ஷிஃப்ட் முழுக்க இடைவிடாத கவனம்" என்பதையும் பாரம் தூக்குவதற்குச் சமமாகச் சேர்த்து, எல்லா வேலைக்கும் அந்த அம்சத்தை மறுபடி போட்டோம். உழைப்பு 4 ஆனது. பிசிர் விட்டுப்போனால் இன்ஸ்பெக்ஷனில் மாட்டித் திரும்பி வருகிறது என்பதால் பொறுப்பும் 2 ஆனது. மொத்தம் 51. பெண்கள் அதிகமாகச் செய்யும் வேலை எந்த கம்பெனியிலும் இந்த இடத்தில்தான் அடிபடும். உங்கள் பட்டியலிலும் முதலில் அங்கே பாருங்கள்.

கடைசியில் வந்த புள்ளிகள்: ஹெல்பர் 41, அக்கவுண்ட்ஸ் உதவியாளர் 50, பிசிர் எடுப்பவர் 51, ஸ்டோர் கீப்பர் 57, சிஎன்சி ஆபரேட்டர் 60, குவாலிட்டி இன்ஸ்பெக்டர் 63, ஜிஎஸ்டி வரை பார்க்கும் அக்கவுண்டன்ட் 67, மெஷினை செட் செய்து கொடுக்கும் செட்டர் 73, சூப்பர்வைசர் 79.

கிரேடுக்கு எங்கே கோடு போடுவது? 50, 60, 70 என்று ரவுண்டான எண்ணில் வெட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். வெட்டினால் ஸ்டோர் கீப்பர் ஒரு கிரேடு, ஆபரேட்டர் அடுத்த கிரேடு. இருவருக்கும் உள்ள வித்தியாசம் 3 புள்ளி, அதாவது சூழலில் ஒரே ஒரு படி. கூலண்ட் நாற்றத்துக்காக ஒரு கிரேடே பிரிவதை அவரிடம் போய் விளக்க முடியுமா? அதனால் புள்ளிகளுக்கு நடுவே இயல்பாக இடைவெளி விழுந்த இடத்தில் வெட்டினோம். 41க்கும் 50க்கும் நடுவே, 51க்கும் 57க்கும் நடுவே, 67க்கும் 73க்கும் நடுவே. நான்கு கிரேடு. நாற்பது பேருக்கு அதற்கு மேல் வேண்டாம்.

சரி, இனி பணம். எக்ஸெலில் B பத்தியில் புள்ளி, பக்கத்தில் C பத்தியில் அந்த வேலைக்கு இப்போது தரும் சராசரிச் சம்பளம். ஒன்பது வேலைகளுக்கும் நடுவே போகும் ஒரு நேர்கோட்டை இந்த இரண்டு ஃபார்முலாவும் சேர்ந்து தரும்.

```
=SLOPE(C2:C10,B2:B10)
=INTERCEPT(C2:C10,B2:B10)
```

அங்கே முதலாவதில் புள்ளிக்கு சுமார் 523 ரூபாய் என்றும், இரண்டாவதில் மைனஸ் 9,630 என்றும் வந்தது. 523ஐப் புள்ளியால் பெருக்கி 9,630ஐக் கழித்தால் அந்த வேலைக்குக் கோடு காட்டும் சம்பளம். ஆபரேட்டருக்கு 21,800 காட்டியது, வாங்குவது 21,000, பிரச்சினை இல்லை. ஸ்டோர் கீப்பருக்கு 20,200 காட்டியது, வாங்குவது 17,000. பிசிர் எடுப்பவர்களுக்கு 17,000 காட்டியது, வாங்குவது 15,000. செட்டர் வாங்குவதோ காட்டியதைவிட 2,400 அதிகம்.

இந்தக் கோட்டை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய சம்பளத்தை வைத்துப் போட்ட கோடு என்பதால் பழைய பாரபட்சமும் கொஞ்சம் அதற்குள்ளேயே இருக்கும். அடிமட்டத்தில் கோடு சுத்தமாக உதவாது. ஹெல்பருக்கு அது காட்டியது 11,800. அவர் வாங்குவது 15,500. அங்கே சம்பளத்தைத் தீர்மானிப்பது குறைந்தபட்ச ஊதியம், உங்கள் புள்ளி இல்லை. தமிழ்நாட்டில் அகவிலைப்படி ஏப்ரலில் மாறும்போது முதல் கிரேடின் தொடக்கமும் கூடவே நகர வேண்டும்.

கிரேடின் நடுப்புள்ளிக்குக் கோடு காட்டும் தொகையிலிருந்து 15 சதவீதம் கீழே, 15 சதவீதம் மேலே என்று வரம்பு வைத்தோம். மூன்றாவது கிரேடு 19,400 முதல் 26,200 வரை. இரண்டாவது கிரேடுக்கு அதே கணக்கைப் போட்டால் 14,300இல் ஆரம்பித்தது. ஹெல்பர் வாங்குவதைவிடக் குறைவு! அதனால் அதன் தொடக்கத்தை 16,500க்குத் தூக்கினோம். இதனால் ஆன செலவு: ஸ்டோர் கீப்பருக்கு 2,400, ஆறு பெண்களுக்குத் தலா 1,500. பிஎஃப் போன்றவை நீங்கலாக மாதம் 11,400 ரூபாய். முதலாளி இதைவிடப் பெரிய தொகையை நினைத்துப் பயந்திருந்தார்.

வரம்புக்கு மேலே நிற்பவர்களும் இருப்பார்கள். அங்கே பழைய ஆபரேட்டர் ஒருவர் 28,000 வாங்கிக்கொண்டிருந்தார். குறைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது. சட்டமும் எளிதில் இடம் தராது, ஆளும் நிற்க மாட்டார். வரம்பு மேலே வந்து அவரைத் தொடும் வரை இன்கிரிமென்ட்டைச் சின்னதாக வைத்து, காரணத்தை அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டோம்.

செட்டர் விஷயம் வேறு. நல்ல செட்டர் கிடைப்பதில்லை, அதனால் கூடக் கொடுக்கிறார்கள். அதை நியாயப்படுத்தப் புள்ளியை ஏற்றினால் மொத்தப் பட்டியலும் கோணலாகிவிடும். அவர்கள் கிரேடு அப்படியே இருக்கட்டும். கூடுதல் தொகையை "மார்க்கெட் அலவன்ஸ்" என்று தனி வரியாகக் காட்டி வருடம் ஒருமுறை பாருங்கள். கிரேடின் உச்சத்துக்குள் அடங்கினால் அதுகூட வேண்டாம்.

சின்ன கம்பெனியில் ஒருவரே மூன்று வேலை பார்ப்பார் என்பது இன்னொரு தலைவலி. ஸ்டோர் கீப்பர் டிஸ்பாட்ச்சும் பார்ப்பார், கேட் பாஸும் போடுவார். வாரா வாரம் தவறாமல் செய்வதை மட்டும் குறிப்பில் சேருங்கள். யாராவது லீவு போட்டால் எப்போதாவது செய்வதைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தவற்றில் எது கடினமோ அதற்குரிய படியைக் கொடுத்தால் போதும், மூன்றையும் கூட்டக் கூடாது.

வருடா வருடம் எல்லாவற்றையும் மறுபடி மதிப்பிடத் தேவையில்லை, வேலை மாறும்போது அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். அங்கே பிறகு பீஸின் அளவைத் துல்லியமாக எடுக்கும் சிஎம்எம் மெஷின் வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் புரோகிராம் போட வேண்டியதாயிற்று. திறமை 3லிருந்து 4, மொத்தம் 63லிருந்து 70. பக்கத்தில் இருக்கும் 67, 73 இரண்டும் சம தூரம் என்பதால் குழு மறுபடி உட்கார்ந்து அந்தக் குறிப்பை 73 வாங்கிய செட்டரின் குறிப்போடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தது. நான்காவது கிரேடுக்கு ஏற்றினார்கள்.