வந்து பாரு, எடுத்துப் பாரு

வணக்கம் சார்,

நான் ஒரு சின்ன ஆபீஸ்ல தமிழ் கன்டென்ட் எழுதுறேன். எங்க எடிட்டர் என் காப்பியில ஒற்றுப்பிழைன்னு சிவப்பு அடிச்சு அடிச்சுத் திருப்பி அனுப்புறார். பயந்துபோய் எல்லா இடத்துலயும் க், ப் போட ஆரம்பிச்சேன், இப்ப அதுக்கும் சிவப்பு. நேத்து திருப்பி வந்த பாரா இது: "அம்மா மாவை அரைத்து கொடுத்துவிட்டு வாசலில் நின்றுப் பேசிக்கொண்டிருந்தாள். மழை பெய்துக் கொண்டிருந்தது. நான் கடைக்குப் போய் பார்த்தபோது எல்லாம் விற்று தீர்ந்துப் போயிருந்தது." இதுல ஆறு தப்பாம். "கண்டுப்பிடித்தான்"ல ப்-ஐ எடுக்கச் சொல்றார், "விட்டுகொடுத்தான்"ல க் போடச் சொல்றார். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? இலக்கணப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணாம இதைப் பிடிக்க வழி இருக்கா?

ஒரு வாசகி, பெரம்பூர்

---

அன்புள்ள வாசகிக்கு,

உங்க பாராவை ரெண்டு தடவை படிச்சேன். அந்த ஆறும் ஒரே ஜாதித் தப்பு, அதனால வல்லினம் மிகும் இடம் மிகா இடம்னு பாடப் புத்தகத்துல இருக்கிற முழு லிஸ்டையும் இப்ப தொட வேண்டாம். ஒரு வினையெச்சம், அதாவது அரைத்து, நின்று, போய் மாதிரி பாதியில நிக்கிற வினை, அதுக்குப் பின்னால க ச த ப-வுல தொடங்குற சொல் வந்தா நடுவுல ஒற்று வருமா வராதா, இது ஒண்ணை மட்டும் பாப்போம். தினசரி எழுத்துல பாதி ஒற்றுப்பிழை இங்கதான் நடக்குதுன்றது என் அனுபவம்.

முதல்ல வாயால சொல்லிப் பாருங்க, மனசுக்குள்ள இல்ல, சத்தமா. "எடுத்துப் பாரு." அப்புறம் "வந்து பாரு." முதல்ல சொன்னதுல பாருவோட ப வர்றதுக்கு முன்னாடி உதடு ரெண்டும் மூடி ஒரு நொடி அழுத்தி நிக்கும். ரெண்டாவதுல உதடு பட்டும் படாம திறந்துடும். அந்த அழுத்தம்தான் ப். எழுத்துல நாம போடுற புள்ளி வச்ச எழுத்து, வாய் ஏற்கெனவே செஞ்சதைக் குறிச்சு வைக்கிறது, அவ்வளவுதான். இதே மாதிரி "கேட்டுப் பாரு", "படிச்சுப் பாரு", "ஓடிப் பாரு"ன்னு சொல்லுங்க, அப்புறம் "செஞ்சு பாரு", "நின்னு பாரு", "அழுது பாரு"ன்னு சொல்லுங்க. முதல் மூணுலயும் அழுத்தம் இருக்கும், அடுத்த மூணுல இருக்காது.

ஏன் இப்படின்னா விஷயம் எச்சத்தோட கடைசி உகரத்துக்கு முன்னால என்ன எழுத்து இருக்குன்றதுல இருக்கு. எடுத்து, கேட்டு, விற்று: து, டு, று-வுக்கு முன்னால த், ட், ற்-னு வல்லின மெய் நிக்குது. இதுங்களுக்கு வன்தொடர்க் குற்றியலுகரம்னு பேரு, இந்தப் பேரை மட்டும் வச்சுக்கலாம், எடிட்டர்கிட்ட பேச உதவும். அங்க ஒற்று மிகும். வந்து, நின்று, கண்டு: முன்னால ந், ன், ண், மெல்லினம், அங்க மிகாது. செய்து, பெய்து: முன்னால ய், இடையினம், மிகாது. அழுது, உழுது: முன்னால உயிர்மெய் ழு, மிகாது. நன்னூல் இதை ஒரே வரியில சொல்லும்: "வன்றொடர் அல்லன முன்மிகா அல்வழி." வன்தொடர் அல்லாத குற்றியலுகரத்துக்குப் பின்னால, வேற்றுமை உறவு இல்லாத சேர்க்கையில, மிகாதுன்னு அர்த்தம். அல்வழின்ற அந்தக் கடைசி வார்த்தையை மறக்காதீங்க, கீழ அதுக்குத் திரும்பி வர்றேன்.

உகரத்துல முடியாத எச்சங்களும் இருக்கு. எழுதி, ஓடி, வாங்கி, சொல்லின்னு இகரத்துல முடியுறதுக்குப் பின்னால எப்பவும் மிகும்: எழுதிக் கொடு, வாங்கித் தா, சொல்லிப் பார். வர, போக, சொல்லன்னு அகரத்துல முடியுற எச்சத்துக்கும் மிகும்: வரச் சொன்னார், போகக் கூடாது. போய், ஆய் மாதிரி ய்-ல முடியுறதுக்கும் மிகும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது தானா நடக்கிற வினையும் ஒருத்தர் செய்யுற வினையும் ஜோடியா வர்ற இடம். பானை உடைந்து போனது, பானையை உடைத்துப் போட்டான். வேலை முடிந்து போனது, வேலையை முடித்துக் கொடுத்தான். எல்லாரும் சேர்ந்து கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தானா நடக்கிறதுல மெல்லினம், ஒற்று இல்ல. ஒருத்தர் செய்யுறதுல வல்லினம், ஒற்று உண்டு. பேச்சுலயும் இது அப்படியே நிக்குது: "உடைஞ்சு போச்சு", "உடைச்சுப் போட்டான்." ந்து ஞ்சு ஆனாலும் மெல்லினமாவே இருக்கு, த்து ச்சு ஆனாலும் வல்லினமாவே இருக்கு. அதனாலதான் பேச்சுத் தமிழை வச்சே எழுத்துத் தமிழைச் சோதிக்க முடியுது. (இதை வச்சு எல்லா மெல்லின எச்சமும் தானா நடக்கிறதுன்னு நினைச்சுடாதீங்க, "கலந்து குடித்தான்"ல கலக்கிறவன் ஒருத்தன் இருக்கான், ஆனா ஒற்றைத் தீர்மானிக்கிறது அங்கயும் அந்த ந்-தான்.)

இப்ப உங்க பாராவுக்கு வர்றேன். "அரைத்து கொடுத்து": வீட்ல "அரைச்சுக் குடுத்தா"ன்னுதானே சொல்வீங்க, த்து, வல்லினம், அரைத்துக் கொடுத்து. "நின்றுப் பேசி": ன்று, மெல்லினம், "நின்னு பேசினா", ப் வேண்டாம். "பேசிக்கொண்டிருந்தாள்" இகரம், நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. "பெய்துக் கொண்டிருந்தது": ய், இடையினம், பெய்து கொண்டிருந்தது. "போய் பார்த்தபோது": ய்-ல முடியுற எச்சம், போய்ப் பார்த்தபோது. "விற்று தீர்ந்துப் போயிருந்தது": விற்றுவுல ற் வல்லினம், த் வரணும், தீர்ந்துவுல ந் மெல்லினம், ப் போகணும். "தீந்து போச்சு"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க, அங்க உதடு அழுந்தாது. திருத்தினா இப்படி இருக்கும்:

"அம்மா மாவை அரைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். மழை பெய்து கொண்டிருந்தது. நான் கடைக்குப் போய்ப் பார்த்தபோது எல்லாம் விற்றுத் தீர்ந்து போயிருந்தது."

ஆறுல மூணு விட்டது, மூணு கூடப் போட்டது. கூடப் போட்டதுதான் பயத்துல வர்ற தப்பு, அதுல ஒண்ணை மட்டும் தனியாப் பேசணும். பெய்து கொண்டு, வந்து கொண்டு, இருந்து கொண்டு, இந்த இடத்துல நல்லா எழுதுறவங்களே "வந்துக் கொண்டு"ன்னு போடுறாங்க, ஏன்னா அவங்க காதை நம்பிப் போடுறாங்க, பேச்சுல நாம "வந்துக்கிட்டு", "பேஞ்சுக்கிட்டு"ன்னு அழுத்தித்தானே சொல்றோம். பேச்சுல இந்தக் கிட்டு எல்லா எச்சத்தோடயும் ஒரே மாதிரி க்-ஐச் சேர்த்தே ஒட்டிக்கிச்சு, எடுத்துக்கிட்டுன்னாலும் வந்துக்கிட்டுன்னாலும் வித்தியாசம் இல்ல. எழுத்துல கொண்டு அப்படி இல்ல, எடுத்துக் கொண்டு, வந்து கொண்டு. அதனால கொண்டுன்னு வர்ற இடத்துல காதை நேரா கேட்காதீங்க. கொண்டுவை எடுத்துட்டு அங்க பாரு இல்லன்னா போ போட்டுச் சொல்லிப் பாருங்க. "வந்து பாரு"ல ப் இல்ல, அப்ப "வந்து கொண்டு"ல க் இல்ல. "எடுத்துப் பாரு"ல ப் இருக்கு, அப்ப "எடுத்துக் கொண்டு"ல க் இருக்கு. மழைகிட்ட "பேஞ்சு பாரு"ன்னு சொல்ல முடியாது, அங்க "பேஞ்சு போச்சு"ன்னு சொல்லிக்கலாம்.

காது கைவிடுற இன்னொரு இடம் ச. "கேட்டுச் சொல்றேன்"னு எழுதணும், ஆனா நம்ம சென்னையில முக்கால்வாசிப் பேரு ஸ சத்தத்தோட "கேட்டு சொல்றேன்"னுதான் சொல்றோம், "வாங்கி சாப்ட்டேன்"னுதான் சொல்றோம். அதனால சொல், சாப்பிடு, சேர் இதுல எல்லாம் சோதிக்காம அங்கயும் பாருவை வச்சே சோதிங்க: கேட்டுப் பாரு, அப்ப கேட்டுச் சொல்கிறேன். போய்-ம் அப்படித்தான், வேகமாப் பேசுறப்ப "போய் பாரு"ன்னே வரும், அழுத்தம் கேட்காது. ய்-ல முடியுற எச்சம் புழக்கத்துல ரொம்பக் கம்மி, அதை ஞாபகத்துல வச்சுக்குறதே சுலபம்.

நான் எழுத வந்த புதுசுல ராயப்பேட்டையில ஒரு அச்சகத்துல ப்ரூஃப் பாத்த பெரியவர் ஒருத்தர் இருந்தார், சந்தேகம் வந்தா பேனாவைக் கீழ வச்சுட்டு அந்த வரியை வாய்விட்டுப் படிப்பார், பக்கத்துல மெஷின் ஓடுற சத்தத்துலயும் படிப்பார். நிறுத்திப் படிக்கிற இடத்துல ஒற்றை எடுத்துடுவார். அவர் எனக்குக் காட்டினது இது: "எடுத்து, கொடுத்தான்"னு நடுவுல காற்புள்ளி போட்டா அங்க க் வராது, வாய் நின்னுடுச்சு, ரெண்டு சொல்லும் ஒட்டவே இல்ல. காற்புள்ளி இல்லாம ஒரே மூச்சுல போனா க் வந்தே ஆகணும்.

வினையெச்சமா இருந்து தேய்ஞ்சு போய் உருபு மாதிரி ஆன சொற்களும் இதே வழிதான் போகுது. "அதைக் குறித்துப் பேசினார்", "ஊரை விட்டுப் போனார்", "அதைப் பற்றிக் கேட்டார்". ஆனா "சென்னையிலிருந்து கிளம்பினார்", இங்க இருந்துவுல ந், க் கிடையாது. "என்று சொன்னார்"லயும் ச் கிடையாது, ஆனா "என்றுச் சொன்னார்"னு இப்ப நிறைய கண்ணுல படுது.

முன்னாடி சொன்ன அல்வழிக்கு வர்றேன். இந்தக் கணக்கு வினைக்குத்தான், பெயர்ச்சொல்லுக்குக் கொண்டு போகாதீங்க. மருந்துன்ற சொல்லும் வந்து மாதிரியே ந்துல முடியுது, ஆனா மருந்துக்கடைன்னு க் வரும், ஏன்னா அது மருந்தை விற்கும் கடை, நடுவுல ஒரு வேற்றுமை ஒளிஞ்சிருக்கு. பாம்புத்தோல், பாம்பினுடைய தோல், அதுவும் அப்படித்தான். அது வேற கணக்கு, இன்னொரு கடிதம் போடுங்க, பேசலாம்.

கண்டுபிடி, விட்டுக்கொடு ரெண்டும் உங்களுக்கு ஒரே மாதிரித் தெரிஞ்சதுக்குக் காரணம் ரெண்டுலயும் டு இருக்கிறதுதான். டுவை விட்டுட்டு அதுக்கு முன்னால இருக்கிற புள்ளி எழுத்தைப் பாருங்க. கண்டுவுல ண், மெல்லினம். விட்டுவுல ட், வல்லினம். உங்க எடிட்டர் ரெண்டு இடத்துலயும் சரியாத்தான் திருத்தியிருக்கார்.