வாரச்சந்தையில் கடை வாடகைக்கு எடுப்பதா, ஆன்லைனில் மட்டும் விற்பதா?

கேள்வி: வீட்டில் இட்லிப் பொடி, கொள்ளுப் பொடி, கை முறுக்கு செய்து தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வாரச்சந்தையில் ஒரு இடம் வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். எடுக்கலாமா, இல்லை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் மட்டும் விற்றால் போதுமா? வாடகை வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

ஈரோடு பக்கம் ஒன்பது வருடமாகப் பொடி வியாபாரம் செய்கிறேன். இரண்டு வழியிலும் விற்றிருக்கிறேன். உங்கள் பயம் வாடகையைப் பற்றியது, ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சந்தையில் செலவு நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஆன்லைனில் ஒவ்வொரு பார்சலுக்கும் வருகிறது. உங்கள் சரக்கு இதில் எதைத் தாங்கும் என்று பாருங்கள்.

என் கணக்கையே சொல்கிறேன். 100 கிராம் பொடி பாக்கெட் 60 ரூபாய். பருப்பு, மிளகாய், அரைப்புக் கூலி, கவர், லேபிள் எல்லாம் சேர்த்து 32 ரூபாய் அடக்கம். கையில் நிற்பது 28. சந்தை நாளில் சுங்கமும் தரை வாடகையும் 150, ஆட்டோ போக வர 220, விளக்கு, டீ, சாப்பாடு என்று 130. மொத்தம் 500. பதினெட்டு பாக்கெட் விற்றால் அன்றைய செலவு கழிந்துவிடும். பத்தொன்பதாவது பாக்கெட்டிலிருந்து வருவதுதான் உங்கள் கூலி. ஐம்பது பாக்கெட் போனால் 900 ரூபாய் நிற்கும்.

இனி அதே பாக்கெட்டைக் கூரியரில் அனுப்புங்கள். நான் அனுப்பும் இடத்தில் தமிழ்நாட்டுக்குள் அரை கிலோ வரை 60 ரூபாய், அட்டைப் பெட்டியும் டேப்பும் 15. ஒரு பாக்கெட் கேட்பவரிடம் 60 ரூபாய் பொருளுக்கு 75 ரூபாய் அனுப்புக் கூலி கேட்க முடியாது. அதனால் நான்கு பாக்கெட் சேர்த்து 240 ரூபாய், கூரியர் இலவசம் என்று வைத்தேன். லாபம் 112, அதில் 75 போக 37 நின்றது. ஐந்து பாக்கெட்டாகப் போட்டால் பெட்டியோடு சேர்ந்து அரை கிலோவைத் தாண்டி அடுத்த எடைக் கட்டணம் விழும். பொடிக்கு நான்குதான் சரியான எண்ணிக்கை என்பதைத் தராசில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நீங்களும் விலை போடும் முன் பெட்டியோடு எடை போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் பணம் என்ற முறையில் அனுப்பினால் ஒன்றை மறக்காதீர்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போன கூலியும் வந்த கூலியும் நம் தலையில். பெட்டியோடு சேர்த்து 135 ரூபாய் போகும். கிட்டத்தட்ட நான்கு நல்ல ஆர்டரின் லாபத்தை அந்த ஒரு பார்சல் தின்றுவிடும். நான் முன்பணம் வந்தால் மட்டும்தான் அனுப்புகிறேன்.

முறுக்கை ஆன்லைனில் விற்க வேண்டாம் என்றே சொல்வேன். உடைவது ஒரு காரணம். அதைவிடப் பெரியது இடம். பல கூரியர்கள் உண்மையான எடையையும் பெட்டியின் அளவையும் பார்த்து எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. கால் கிலோ முறுக்கு உடையாமல் போக 25க்கு 20க்கு 12 பெட்டி வேண்டும். பெருக்கினால் 6000. அதாவது 1.2 கிலோவுக்குக் காசு கட்டுகிறீர்கள். சந்தையில் அதே முறுக்கை டின்னில் வைத்து, ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தால் போதும், விற்றுவிடும்.

ஆகவே உங்கள் சரக்குக்கு நான் சந்தையையே முதலில் சொல்வேன். ஆனால் இடத்தை எப்படி எடுப்பது என்பதில் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள். சந்தையைப் பேரூராட்சியோ ஊராட்சியோ ஏலம் விடும். எடுத்தவர்தான் சுங்கம் வசூலிப்பார். எங்கள் பக்கம் அந்தக் குத்தகை ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நான் ஒரு ஜனவரியில், கூரை போட்ட நல்ல இடம் என்று ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. ஏப்ரலில் வேறொருவர் ஏலம் எடுத்தார். பழையவரிடம் கொடுத்த பணம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். மூன்று மாதக் காசு போனது. அப்போது அது எனக்குப் பெரிய தொகை, இரண்டு நாள் தூங்கவில்லை. குத்தகை எப்போது முடிகிறது என்று கேளுங்கள், கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள், முதல் இரண்டு மாதம் நாள் வாடகைக்கு மட்டும் உட்காருங்கள்.

கூரையைவிட முக்கியம் பக்கத்துக் கடை. கருவாட்டுக் கடைக்கு அருகில் பொடி விற்காது. வாசனை பார்த்துத்தான் பொடி வாங்குவார்கள், அங்கே அந்த வாசனையே எழும்பாது. காய்கறி வரிசையின் கடைசி நல்ல இடம். காய் வாங்கி முடித்து, பை கனத்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிற்பார்கள். எந்தக் கிழமை என்பதும் பெரிய விஷயம். எங்கள் பக்கம் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் பலருக்குச் சனிக்கிழமை வாரக்கூலி. அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கையில் பணம் புழங்கும், புதன்கிழமைச் சந்தையில் அதே ஆட்கள் விலை கேட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் ஊரில் கூலி என்றைக்கு என்று விசாரியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை நாளில் பாதிக் கடைகூட வராது. அந்த மாதங்களை வைத்து சந்தை சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

எட்டு வாரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நோட்டில் விற்ற பாக்கெட் எண்ணிக்கையோடு, திரும்பி வந்தவர்களையும் ஒரு கோடு போட்டுக் குறித்து வையுங்கள். முதல் மூன்று வாரம் விற்பனை ஏறும், புதுசு என்று வாங்குவார்கள். அதில் மயங்க வேண்டாம். ஒரு பாக்கெட் பொடி ஒரு வீட்டில் மூன்று நான்கு வாரம் வரும். ஐந்தாவது வாரத்துக்கு மேல் தெரிந்த முகங்கள் வரவேண்டும். வரவில்லை என்றால் குறை இடத்தில் இல்லை, பொடியிலோ விலையிலோ இருக்கிறது. முகங்கள் வந்தும் பதினெட்டைத் தாண்டவில்லை என்றால்தான் அந்தச் சந்தையை விட வேண்டும்.

காகிதங்கள் இரண்டு வழிக்கும் உண்டு. வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் லேபிளில் வரவேண்டும். பாக்கெட்டில் எடை, விலை, செய்த தேதி, உங்கள் முகவரி இருக்க வேண்டும். சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் தொழிலாளர் துறை முத்திரை போட்ட தராசு வேண்டும். ஆன்லைனில் கூடுதலாக ஒன்று. வரி உள்ள சரக்கைப் பெங்களூருக்கோ கொச்சிக்கோ விற்றால், வெளி மாநில விற்பனை என்பதால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும். இதைத் தெரியாமல்தான் பலர் இன்ஸ்டாகிராமில் இந்தியா முழுதும் அனுப்புவோம் என்று போட்டுவிடுகிறார்கள். நீங்கள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று போடுங்கள்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. சந்தையில் மூன்றாம் முறை வாங்குபவரிடம் நம்பர் கேளுங்கள். என்னிடம் இப்போது நான்கு பாக்கெட் ஆர்டர் போடுபவர்களில் பெரும்பாலோர் சந்தையில் ருசி பார்த்தவர்கள், அல்லது அவர்கள் வெளியூரில் இருக்கும் மகளுக்கு வாங்கி அனுப்பச் சொல்பவர்கள்.