ஆர்பிட்ரமை விட்டுப் போன ஈதர் எத்தீரியத்தில் ஏன் வரவில்லை?

கேள்வி: ஆர்பிட்ரமில் வைத்திருந்த 0.4 ஈதரை, ஆர்பிட்ரமின் சொந்த பிரிட்ஜ் வழியாக எத்தீரியத்துக்கு மாற்றினேன். ஆர்பிட்ரம் பக்கம் உடனே கழிந்துவிட்டது, Success என்றும் காட்டுகிறது. இரண்டு நாளாகியும் எத்தீரியம் பக்கம் வரவில்லை. டெலிகிராமில் கேட்டேன். 'சப்போர்ட்' என்று ஒருவர் வந்து, வாலட்டை 'வேலிடேட்' செய்யச் சொல்லி லிங்க் அனுப்பியிருக்கிறார். செய்யலாமா?
— வாசகர், கோவை

பதில்: அந்த லிங்கைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் பணம் இப்போது காத்திருப்பில்தான் இருக்கிறது. எந்த முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நீங்கள் அனுப்பிய அன்றே பதிவாகிவிட்டது, இனி அதை மாற்ற முடியாது. வாலட்டைத் திறக்கும் 12 ரகசியச் சொற்களை அந்த லிங்க் வழியாக அந்த ஆளிடம் கொடுத்தால், பணம் அந்த முகவரிக்கு வந்த நொடியிலேயே அவர் எடுத்துக்கொள்வார், உங்களால் வேறு முகவரிக்குத் திருப்பவும் முடியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்த வாலட்டில் மிச்சமிருப்பதைப் புது வாலட்டுக்கு உடனே மாற்றிவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

தாமதத்துக்குக் காரணம், எத்தீரியத்தை அடித்தளமாகக் கொண்டு இயங்கும் தனி நெட்வொர்க்கான ஆர்பிட்ரத்தின் அமைப்பு. அது தன் கணக்கு வழக்கை எத்தீரியத்தில் பதிவு செய்யும்போது, எத்தீரியம் அதை உடனே உண்மை என்று ஏற்பதில்லை. 'இந்தக் கணக்கு பொய்' என்று யாராவது ஆட்சேபம் எழுப்ப ஏறத்தாழ ஒரு வாரம் அவகாசம் தருகிறது. அது முடிந்த பிறகுதான் பணம் விடுபடும். எத்தீரியத்திலிருந்து ஆர்பிட்ரமுக்குப் போட்டால் கால் மணி நேரம் போல்தான் ஆகும். திரும்பி வரும் வழியில்தான் இந்த வாரக்கணக்கு. அனுப்பும் முன் தளம் இதைச் சொல்லத்தான் செய்கிறது, ஆனால் அந்தப் பெட்டியை யார் படிக்கிறார்கள்? நடுவில் ரத்து செய்யவும் வழியில்லை.

நீங்கள் உண்மையிலேயே சொந்த பிரிட்ஜில்தான் போட்டீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போலித் தளங்களும் அதே தோற்றத்தில் உலவுகின்றன. arbiscan.io தளத்தில் உங்கள் பரிவர்த்தனையைத் திறந்து, To என்ற இடத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள். 0x-ஐ அடுத்து வரிசையாகப் பூஜ்யங்கள் வந்து 64 என்று முடிந்தால், நீங்கள் போட்டது சரியான வழியில்தான். ஈதரை வெளியே எடுக்க ஆர்பிட்ரமிலேயே அமைந்த முகவரி அது.

ஒரு வாரம் முடிந்தாலும் பணம் தானாக வந்து விழாது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். bridge.arbitrum.io தளத்துக்குப் போய் (முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், தேடலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள்) அதே வாலட்டை இணைத்து, பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்தால் உங்கள் 0.4 ஈதருக்கு எதிரே Claim என்ற பொத்தான் உயிர்பெற்றிருக்கும். அதை அழுத்துவது எத்தீரியத்தில் நடக்கும் தனிப் பரிவர்த்தனை. அதற்கான கேஸ் கட்டணத்தை வரப்போகிற 0.4-இலிருந்து கழிக்க மாட்டார்கள், எத்தீரியம் பக்கம் உங்களிடம் ஏற்கெனவே கொஞ்சம் ஈதர் இருக்க வேண்டும். இல்லையென்றால், கணக்கு வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து எத்தீரியம் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து, உங்கள் அதே முகவரிக்குச் சிறு தொகை அனுப்பிக்கொள்ளுங்கள். Claim செய்ய கடைசித் தேதி கிடையாது, அதனால் கட்டணம் ஏறியிருக்கும் நேரத்தில் அவசரப்பட வேண்டாம்.

செய்து முடித்த பிறகும் சிலர் பதறுவார்கள். etherscan.io-வில் வழக்கமான பரிவர்த்தனைப் பட்டியலில் வரவு என்று எதுவும் தெரியாது. ஈதர் ஒரு கான்ட்ராக்டிலிருந்து வருவதால் Internal Transactions என்ற பகுதியில்தான் இருக்கும். மெட்டாமாஸ்கில் நெட்வொர்க் எத்தீரியம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

To முகவரி வேறாக இருந்தால், நீங்கள் பயன்படுத்தியது மூன்றாம் தரப்பு பிரிட்ஜாக இருக்கலாம். அவற்றில் பலவும் எதிர்ப்பக்கம் தயாராக வைத்திருக்கும் பணத்திலிருந்து கொடுப்பவை என்பதால், நிமிடங்களில் வேலை முடியும். அப்படிப்பட்டதில் இரண்டு நாள் ஆகியிருந்தால் காத்திருந்து பயனில்லை. அந்த பிரிட்ஜின் சொந்தத் தேடல் பக்கத்தில் பரிவர்த்தனை எண்ணைப் போட்டு, நிலுவையா, திருப்பி அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் பணம் ஆர்பிட்ரம் பக்கமே வந்திருக்கும். பிரிட்ஜே நின்றுபோவதும் உண்டு. மல்டிசெயின் 2023 ஜூலையில் அப்படித்தான் நின்றது. அதன் தலைமை நிர்வாகியைச் சீனக் காவல்துறை பிடித்துச் சென்றதாகவும், சாவிகளை இயக்கிய சர்வர்கள் அவருடைய தனிக்கணக்கில் இருந்ததாகவும் அந்தக் குழுவே அறிவித்தது. அதில் சிக்கியவர்களுக்கு அழுத்த ஒரு Claim பொத்தான்கூட இல்லை.