பெண்ணின் அம்மா வீடியோவை எடுக்கச் சொல்கிறார்

"டியூஷன் வகுப்பை யூடியூபில் போட்டேன், பசங்க சரின்னுதான் சொன்னாங்க. இப்போ ஒரு பொண்ணோட அம்மா எடுக்கச் சொல்றாங்க, வியூஸ் போயிடுமே?"

பசங்க சொன்ன சரி செல்லாதுங்க, 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரைத்தான் கேட்டிருக்க வேண்டும். முதலில் வீடியோவை Private ஆக்கிவிட்டு அந்த அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். Unlisted போதாது, லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம். அப்புறம் யூடியூப் ஸ்டுடியோவில் Editor போய் அந்தப் பெண் வரும் இடத்தை வெட்டுங்கள், லிங்க்கும் வியூஸும் அப்படியே இருக்கும். முகத்தை மறைக்க Blur உண்டுதான், ஆனால் நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் யாரென்று தெரிந்துவிடும், அதனால் வெட்டுவதே மேல். தம்ப்நெயில், ஷார்ட்ஸையும் பாருங்கள். வெட்டியதை அம்மா பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே Public. அதற்கும் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், வியூஸ் போனால் போகட்டும். இனி கேமராவைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் வைத்து போர்டை மட்டும் எடுங்கள்.