சென்டம் எடுக்க வைத்தேன், ஆனால் ரெஸ்யூமேவுக்கு அழைப்பில்லை

கேள்வி: "கோவையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் 12 வருடமாக வேதியியல் ஆசிரியை. கம்பெனிகளில் டிரெய்னராகப் போக ஆசை. 'பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகள் எடுத்தேன், பொதுத்தேர்வில் 100 சதவீதத் தேர்ச்சி, பலரை சென்டம் எடுக்க வைத்தேன்' என்று எழுதி அனுப்பினேன். ஒரு இடத்திலிருந்தும் அழைப்பில்லை. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோதும் கொரோனா சமயத்திலும் சக ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தவிர, வேறு பயிற்சி அனுபவம் எனக்கில்லை. என்ன செய்யட்டும்?"
- ஒரு வாசகி, கோவை

பதில்: "தவிர" என்று கடைசியில் தள்ளிவிட்டீர்களே, ரெஸ்யூமேவின் முதல் வரியே அதுதான்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன பலன். பயிற்சித் துறையில் இன்றும் புழங்கும் அளவுகோல் இதுதான். சென்டம் காட்டுவது இரண்டாவது படி வரைதான். அதிலும் அந்த மாணவர் டியூஷன் போனாரா, முதலிலிருந்தே நன்றாகப் படிப்பவரா என்பது வெளியே தெரியாது. டிரெய்னரைத் தேர்வு செய்பவர் தேடுவது மூன்றாவது படியை. சக ஆசிரியர்களுக்கு கூகுள் மீட் சொல்லிக்கொடுத்தீர்கள், மறுவாரம் அவர்கள் தாமே வகுப்பு எடுத்தார்கள் என்றால், அதுதான் மூன்றாவது படி. அதுவும் பெரியவர்களிடம், அவர்களில் சிலர் உங்களைவிட சீனியர்.

ரெஸ்யூமேயை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருளை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன். எண்கள் உதாரணத்துக்கு: "நேரடி வகுப்பு மட்டுமே எடுத்துப் பழகிய 22 ஆசிரியர்களுக்கு ஆன்லைன் வகுப்பு நடத்தவும் கூகுள் ஃபார்மில் தேர்வு வைக்கவும் ஐந்து அமர்வுகளில் பயிற்சி தந்தேன், அடுத்த மாதத்துக்குள் 19 பேர் உதவியின்றி நடத்தினர்." யாருக்கு, எதற்கு, எப்படி, பிறகு என்ன மாறியது என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

வகுப்பறை வேலையையும் இதே அச்சில் வார்க்கலாம். காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது மோல் கணக்கில் பாதிப் பேர் தடுக்கி விழுந்திருப்பார்கள். எங்கே என்று பார்த்தால், சூத்திரம் தெரிகிறது, கிராமை மோலாக மாற்றும் இடத்தில்தான் தவறு. அந்த ஒரு அடியை மட்டும் எடுத்து, மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தனிப் பயிற்சித்தாள் தயாரித்து, அரையாண்டில் அதே வகைக் கணக்கைக் கொடுத்துப் பார்த்திருப்பீர்கள். இதைத்தான் கம்பெனியில் தேவையைக் கண்டறிதல், வடிவமைத்தல், நடத்துதல், மதிப்பிடுதல் என்று நான்கு பெயரில் சொல்வார்கள். "பாடம் நடத்தினேன்" என்ற வரியை எடுத்துவிட்டு, இப்படி இரண்டு சம்பவங்களை எழுதுங்கள். பழைய மதிப்பெண் பதிவேட்டில் கிடைக்கும் எண்ணை மட்டும் போடுங்கள். கிடைக்காவிட்டால் எண் இல்லாமலே எழுதலாம். நேர்காணலில் "இந்த 40 சதவீதம் எப்படி வந்தது?" என்று கேட்டால் விழிக்கக் கூடாது.

பதவிப் பெயரில் கை வைக்காதீர்கள். "வேதியியல் முதுகலை ஆசிரியை" என்பதை "அகாடமிக் டிரெய்னர்" என்று மாற்றச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. பின்னணி சரிபார்ப்பின்போது பள்ளி வேறு பெயரைச் சொன்னால், கையில் கிடைத்த வேலையும் போய்விடும். மாணவர்களை "கிளையன்ட்" என்று எழுதுவதும் வேண்டாம், படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

எங்கே அனுப்புவது? சாஃப்ட் ஸ்கில்ஸ் பக்கம் கூட்டம் அதிகம், அங்கே உங்கள் வேதியியலுக்கு மதிப்பும் இல்லை. மருந்துத் தொழிற்சாலை, திருப்பூர்ப் பக்கத்துச் சாயத் தொழில் போன்ற இடங்களில் ஆபரேட்டர்களுக்கு ரசாயனங்களைக் கையாளப் பயிற்சி தர வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் அடர் கந்தக அமிலத்தைக் கொடுத்து, ஒரு விபத்தும் நேராமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். அதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

அழைப்பு வந்தால் பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிட டெமோ கேட்பார்கள். ஆசிரியர்கள் சறுக்குவது அங்கேதான். வரையறையில் தொடங்கி, போர்டு பக்கம் திரும்பி எழுதி, "புரிஞ்சுதா?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். அமிலக் கேனின் லேபிளை முதலில் அவர்கள் கையில் கொடுத்து, "இதைத் திறக்கும் முன் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். கடைசியில் ஒருவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

வேலை உறுதியாகும்வரை ராஜினாமா வேண்டாம். கல்வியாண்டின் நடுவில் பள்ளி விடாது என்றால், எந்தத் தேதியில் வர முடியும் என்பதை நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது, சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததையும் அதில் குறிப்பிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.