ஊரில் புதன், இங்கே இன்னும் செவ்வாய்

"அண்ணா, பெருந்துறையில் இருந்து அடுத்த மாதம் கலிபோர்னியாவுக்கு வேலைக்கு வருகிறேன். வாடகை, சாப்பாடு எல்லாம் எப்படி? ஊரில் எப்போது நாளை ஆகும், என்ன கிழமை என்று எப்படிக் கணக்குப் போடுவது?"

வாடகையும் சாப்பாடும் வந்த பத்து நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும் தம்பி. கிழமைக் கணக்கில்தான் நான் அடிபட்டேன், அதைச் சொல்கிறேன்.

நான் வந்த முதல் தை மாதத்தில் தங்கைக்கு நிச்சயம். "புதன்கிழமை காலை பத்தரைக்குங்க கண்ணு, வீடியோவில் வந்துடு" என்று அம்மா சொன்னார். குளிர்காலத்தில் ஊர் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பத்தரையில் இருந்து கழித்தேன், இரவு 9 மணி வந்தது. புதன் இரவு புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே வியாழன் காலை. அம்மா பந்திப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மணியை மாற்றிய நான் கிழமையை மாற்றவில்லை. அது செவ்வாய் இரவு 9 மணி.

போன் எல்லாம் காட்டுமே என்பார்கள் சிலர். காட்டும்தான். ஆனால் அம்மா போனில் "நாளைக்கு" என்று சொல்லும்போது அது யாருடைய நாளை என்று போனுக்குத் தெரியாது. அதனால் கிழமையைப் பெயர் சொல்லியே கேளுங்கள், ஊர்க் கிழமையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் கணக்கு சுலபம், வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். காலையை இரவாக்கி அரை மணி கூட்டினால் போதும். திங்கள் காலை 9 என்றால் ஊரில் அதே திங்கள் இரவு ஒன்பதரை. திங்கள் இரவு 9 என்றால் அங்கே செவ்வாய் காலை ஒன்பதரை. குளிர்காலத்தில் இதோடு இன்னொரு மணி நேரம் கூட்டுங்கள்.

நாள் மாறுகிற இடத்தை மட்டும் மனதில் வையுங்கள். கோடையில் இங்கே பகல் பதினொன்றரைக்கும், குளிர்காலத்தில் பத்தரைக்கும் ஊரில் நள்ளிரவு. அதற்கு முன்னால் இரண்டு இடத்திலும் ஒரே கிழமை, அதன்பின் நம் நள்ளிரவு வரை ஊர் ஒரு கிழமை முன்னால். நியூஜெர்சிக்காரர் ஒருவர் தன் ஊர்க் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்து மூன்று மணி நேரம் குழப்பினார். அவருக்கு வித்தியாசம் ஒன்பதரையும் பத்தரையும்தான், அது நமக்கு உதவாது.

இங்கே கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். ஊரில் அந்தப் பழக்கமே இல்லை. அந்த வாரம் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஊர் வங்கிக்குத் திங்கள் காலை பேச வேண்டும் என்றால் இங்கே ஞாயிறு இரவே பேச வேண்டும். வெள்ளி மாலை கூப்பிட்டால் அங்கே சனி. அது இரண்டாம், நான்காம் சனியாக இருந்தால் எடுக்க ஆள் இருக்காது.

அம்மா காலை 6 மணிக்குத் தினக் காலண்டர் தாளைக் கிழிப்பார். கோடையில் நான் அலுவலகம் விட்டு வண்டி எடுக்கிற நேரம் அது, மாலை ஐந்தரை. இப்போதெல்லாம் அவரே முந்திக்கொண்டு கேட்கிறார்: "உனக்கு இன்னும் செவ்வாய்தானே கண்ணு?"